மாதத் தவணைக் கடனில் நிலுவை அசலைக் கணித்தல்: வட்டி விகித மாற்றத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சம மாதத் தவணைகளில் தீர்க்கப்படும் கடனில், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தவணைகளுக்குப் பின் எஞ்சியிருக்கும் அசல் எவ்வளவு என்பதைக் கடன் பெற்றோர் பலர் வங்கி தரும் அறிக்கையிலிருந்தே அறிகின்றனர். அத்தொகையைத் தாமே கணிக்கும் வழி எளியது. ஒரு மாத நிலுவைக்கும் அடுத்த மாத நிலுவைக்கும் உள்ள உறவு ஒன்றிலிருந்தே நிலுவைக்கான வாய்பாடும் தவணைக்கான வாய்பாடும் பிறக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பின்னர், 20 ஆண்டு வீட்டுக்கடன் ஒன்றில் வட்டி விகிதம் உயரும்போது தவணைக்காலம் எவ்வாறு நீள்கிறது என்பதையும், எந்த எல்லையில் கடன் தீராத கடனாகிறது என்பதையும் கணக்கிட்டுக் காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மாதத் தவணை, நிலுவை அசல், குறையும் நிலுவை முறை, மாறும் வட்டி விகிதம், தவணைக்காலம்.

முன்னுரை

வீட்டுக்கடன் பெற்ற ஒருவர் இரண்டு ஆண்டுகள் தவறாமல் தவணை செலுத்திய பின் தம் கடன் கணக்கைப் பார்க்கிறார். செலுத்திய தொகை மூன்றரை இலட்சத்துக்கு மேல்; அசலில் குறைந்திருப்பதோ ஓர் இலட்சத்துக்கும் குறைவு. வங்கி பிழை செய்துவிட்டதோ என்னும் ஐயம் எழுவது இயல்பு. பெரும்பாலும் பிழை எதுவும் இருப்பதில்லை. சம தவணைக் கடனின் அமைப்பே அத்தகையது.

இந்த அமைப்பை அறியாமல் இருப்பதன் விளைவு, வட்டி விகிதம் மாறும்போதுதான் வெளிப்படுகிறது. இந்திய ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4.00 விழுக்காடாக இருந்தது. 2023 பிப்ரவரிக்குள் ஆறு படிகளில் அது 6.50 விழுக்காடாயிற்று. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் மாறும் விகித வீட்டுக்கடன்கள் புறக் குறியீடு ஒன்றுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது விதி; பல வங்கிகள் ரெப்போ விகிதத்தையே அக்குறியீடாகக் கொண்டன. ஆகவே அந்த 2.50 விழுக்காட்டு உயர்வு கடன் பெற்றோரின் கணக்குகளை விரைந்து வந்தடைந்தது. பலருக்குத் தவணைத் தொகை மாறவில்லை. அதற்கு மாறாகத் தவணைக்காலம் நீட்டப்பட்டது. மாதச் செலவில் மாற்றம் தெரியாததால், நீட்சியின் அளவு பலரின் கவனத்துக்கு வரவில்லை. அந்த அளவைக் கணிக்கத் தேவையான முதல் எண், அன்றைய நிலுவை அசலே.

1. ஒரு மாதத்தில் நிகழ்வது

சம தவணைக் கடன்கள் குறையும் நிலுவை முறையில் கணக்கிடப்படுகின்றன. அதாவது, ஒவ்வொரு மாதமும் வட்டி, தொடக்கக் கடன் தொகைக்கன்று, அம்மாதத் தொடக்கத்தில் எஞ்சியிருக்கும் அசலுக்கே கணிக்கப்படுகிறது. செலுத்தும் தவணையிலிருந்து முதலில் அவ்வட்டி கழிக்கப்படும். மிஞ்சுவது அசலைக் குறைக்கும். அடுத்த மாத வட்டி, குறைந்த அசலுக்குக் கணிக்கப்படும். தவணை மாறாமல் இருக்க, அதனுள் வட்டியின் பங்கு மாதந்தோறும் சுருங்கி, அசலின் பங்கு வளர்கிறது.

சிறு கடன் ஒன்றில் இதனைக் காணலாம். கடன் ரூ.1,00,000, ஆண்டு வட்டி 12 விழுக்காடு, காலம் 12 மாதங்கள். மாத வட்டி விகிதம் ஆண்டு விகிதத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பெறப்படும். இங்கே 1 விழுக்காடு. தவணை ரூ.8,885 எனக் கொள்வோம். இத்தொகை வந்த வழி அடுத்த பகுதியில் விளக்கப்படும்.

முதல் மாத வட்டி, ஓர் இலட்சத்தின் நூறில் ஒரு பங்கு, ரூ.1,000. தவணையில் மீதமுள்ள ரூ.7,885 அசலில் கழிந்து, நிலுவை ரூ.92,115 ஆகிறது. இரண்டாம் மாத வட்டி இத்தொகையின் நூறில் ஒரு பங்கு, ரூ.921.15. எனவே அசலில் கழிவது ரூ.7,963.85, நிலுவை ரூ.84,151.15. மூன்றாம் மாதத்தில் வட்டி ரூ.841.51, நிலுவை ரூ.76,107.66. இவ்வாறே தொடர்ந்தால் ஆறாம் தவணைக்குப் பின் நிலுவை ரூ.51,491.37 ஆகவும், பதினொன்றாம் தவணைக்குப் பின் ரூ.8,795.50 ஆகவும் இருக்கும். பன்னிரண்டாம் மாதத்தில் அத்தொகைக்குரிய வட்டி ரூ.87.96. இரண்டையும் கூட்டி ரூ.8,883.46 செலுத்தினால் கடன் தீர்ந்துவிடும்.

இங்கே கவனிக்கத்தக்கவை இரண்டு. பாதிக் காலம் கழிந்த பின்னும் பாதிக்கு மேற்பட்ட அசல் எஞ்சியுள்ளது. மேலும், இறுதித் தவணை மற்றவற்றைவிட ரூ.1.54 குறைவு. தவணையை முழு ரூபாயாகத் திருத்தியதில் மாதந்தோறும் சில காசுகள் கூடுதலாகச் செலுத்தப்பட்டதே அதற்குக் காரணம். கடன் அட்டவணைகளின் கடைசி வரி பிற வரிகளிலிருந்து சற்று வேறுபட்டிருப்பது இதனாலேயே, அது பிழையன்று.

2. நிலுவையிலிருந்து தவணைக்கு

மேற்கண்ட மாதாந்திரச் செயலை ஒரே வரியில் எழுதலாம். ஒரு மாதத் தொடக்க நிலுவையுடன் அதன் வட்டியைச் சேர்த்துத் தவணையைக் கழித்தால் கிடைப்பது அடுத்த மாதத் தொடக்க நிலுவை. கடன் தொகையை P, மாத வட்டி விகிதத்தைப் பின்ன வடிவில் r, தவணையை E, மொத்தத் தவணைகளை n, செலுத்தி முடித்த தவணைகளை k எனக் குறிப்போம். எழுத எளிதாக, 1 + r என்பதை q என்க.

முதல் தவணைக்குப் பின் நிலுவை Pq − E. இதனை மீண்டும் q-ஆல் பெருக்கி E-ஐக் கழித்தால் இரண்டாம் தவணைக்குப் பின் நிலுவை கிடைக்கும். இவ்வாறு k முறை செய்தால், கடன் தொகை q-இன் k ஆம் அடுக்கால் பெருகி நிற்கும். கழிக்கப்பட்ட தவணைகளும் தத்தம் காலத்துக்கேற்ப வட்டியுடன் பெருகி நிற்கும். முதல் தவணை k − 1 மாதங்களும், இரண்டாவது k − 2 மாதங்களும் பெருகும். கடைசித் தவணை பெருகுவதே இல்லை. இத்தவணைகளின் கூட்டுத்தொகை ஒரு பெருக்குத் தொடர். அதன் கூடுதலை இட்டால் நிலுவைக்கான வாய்பாடு கிடைக்கும்:

```
B(k) = P·q^k − E·(q^k − 1)/r
```

இவ்வாய்பாட்டின் பொருள் எளிது. யாதொன்றும் செலுத்தாமல் விட்டிருந்தால் கடன் எவ்வளவாக வளர்ந்திருக்குமோ, அதிலிருந்து செலுத்திய தவணைகளின் வளர்ந்த மதிப்பைக் கழித்தால் நிலுவை. முன் கண்ட சிறு கடனில் ஆறு தவணைகளுக்குப் பின் இதனைச் சரிபார்க்கலாம். 1.01-இன் ஆறாம் அடுக்கு 1.06152015. கடனின் வளர்ந்த மதிப்பு ரூ.1,06,152.02. தவணைகளின் வளர்ந்த மதிப்பு, 8,885-ஐ 6.152015-ஆல் பெருக்க, ரூ.54,660.65. வேறுபாடு ரூ.51,491.37. மாதம் மாதமாகக் கணித்துப் பெற்ற தொகையும் இதுவே.

தவணைத் தொகைக்குத் தனியாக வேறு வாய்பாடு தேடவேண்டியதில்லை. n தவணைகளுக்குப் பின் நிலுவை சுழியாக வேண்டும் என்பதே தவணையைத் தீர்மானிக்கும் நிபந்தனை. B(n) = 0 என இட்டு E-க்குத் தீர்த்தால்:

```
E = P·r·q^n / (q^n − 1)
```

சிறு கடனுக்கு 1.01-இன் பன்னிரண்டாம் அடுக்கு 1.126825. ஆகவே தவணை, 1,000-ஐ 1.126825-ஆல் பெருக்கி 0.126825-ஆல் வகுக்க, ரூ.8,884.88. இதனை முழு ரூபாயாக்கியே முன்பு ரூ.8,885 எனக் கொள்ளப்பட்டது.

3. இருபது ஆண்டுக் கடனில் இரண்டு ஆண்டுகள்

இனி ஆய்வுக்குரிய எடுத்துக்காட்டுக்கு வரலாம். கடன் ரூ.20,00,000, ஆண்டு வட்டி 7 விழுக்காடு, மாறும் விகிதம், காலம் 240 மாதங்கள். மாத விகிதம் 0.07-ஐ 12-ஆல் வகுக்க 0.0058333. q-இன் 240 ஆம் அடுக்கு 4.038739. இவற்றை வாய்பாட்டில் இட்டால் தவணை ரூ.15,505.98, முழு ரூபாயாக ரூ.15,506.

முதல் மாத வட்டி ரூ.11,666.67. தவணையில் அசலுக்குச் சேர்வது ரூ.3,839.33 மட்டுமே, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. இருபத்து நான்கு தவணைகளுக்குப் பின் q-இன் 24 ஆம் அடுக்கு 1.149806. வாய்பாட்டின்படி நிலுவை ரூ.19,01,402. செலுத்திய மொத்தத் தொகை ரூ.3,72,144; அதில் அசலில் கழிந்தது ரூ.98,598; எஞ்சிய ரூ.2,73,546 வட்டி.

இதனை இரு தவறான கணக்கீடுகளுடன் ஒப்பிடுவது பயனுடையது. முதலாவது, 240 தவணைகளில் 24 முடிந்ததால் பத்தில் ஒரு பங்கு அசல் தீர்ந்திருக்கும் எனக் கருதுவது. அதன்படி நிலுவை ரூ.18,00,000. உண்மை நிலுவை அதனினும் ஓர் இலட்சத்துக்கு மேல் கூடுதல். வீட்டை விற்றுக் கடனை அடைக்கத் திட்டமிடுவோர் இவ்வாறு கணித்தால், பத்திரப் பதிவு வேளையில் அத்தொகைக்கு அலைய நேரும். இரண்டாவது, எஞ்சிய 216 தவணைகளை ரூ.15,506-ஆல் பெருக்கி ரூ.33,49,296 நிலுவை எனக் கருதுவது. இது இன்னும் பிறவாத வட்டியையும் கடனாக எண்ணுவதாகும். இன்றே கடனை முடிப்பவர் வருங்கால வட்டியைச் செலுத்த வேண்டியதில்லை.

அசலின் பங்கு எவ்வாறு வளர்கிறது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு தவணையிலும் அசலுக்குச் சேரும் தொகை, முந்தைய தவணையில் சேர்ந்ததைப் போல் சரியாக q மடங்கு. அதாவது அது கூட்டு வட்டி போல் வளர்கிறது. 7 விழுக்காட்டில் அது இருமடங்காக ஏறத்தாழ 119 மாதங்கள், கிட்டத்தட்டப் பத்து ஆண்டுகள் ஆகும். கடனில் பாதி தீர்வது 159 ஆம் தவணையில்தான். பதின்மூன்று ஆண்டு மூன்று மாதங்கள் கழிந்த பின். தொடக்க ஆண்டுகளில் அசல் மெல்லக் குறைவதும் இறுதி ஆண்டுகளில் விரைந்து குறைவதும் இவ்வொழுங்கின் விளைவே. வங்கி வட்டியை முன்கூட்டியே பறித்துக்கொள்கிறது என்னும் பரவலான கருத்து சரியன்று. ஒவ்வொரு மாதமும் கொள்ளப்படுவது அம்மாத நிலுவைக்குரிய வட்டி மட்டுமே; தொடக்கத்தில் நிலுவை பெரிதாக இருப்பதால் வட்டியும் பெரிதாக இருக்கிறது.

4. வட்டி விகிதம் உயரும்போது

இருபத்து நான்காம் தவணைக்குப் பின் விகிதம் 7-இலிருந்து 9.5 விழுக்காடாகிறது எனக் கொள்வோம். நடைமுறையில் உயர்வு படிப்படியாக வரும். விளக்கத்தின் தெளிவுக்காக இங்கே ஒரே படியாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. விகிதம் மாறும் நாளில் பழைய கடன் தொகையும் பழைய அட்டவணையும் கணக்கிலிருந்து விலகிவிடுகின்றன. ரூ.19,01,402 நிலுவையே புதிய கடன் போல் நின்று, புதிய விகிதத்தில் கணக்குத் தொடங்குகிறது. நிலுவையைக் கணிக்கத் தெரிந்திருப்பதன் முதன்மைப் பயன் இதுவே.

புதிய விகிதத்தில் முதல் மாத வட்டி ரூ.15,052.77. தவணை ரூ.15,506 ஆகவே இருந்தால், அசலில் கழிவது ரூ.453.23 மட்டும். முன்பு முதல் தவணையிலேயே ரூ.3,839 கழிந்ததை நினைவிற்கொண்டால் வீழ்ச்சியின் அளவு விளங்கும். இத்தவணையில் கடன் தீர எத்தனை மாதங்கள் ஆகும் என்பதை, நிலுவை வாய்பாட்டைக் காலத்துக்குத் தீர்த்துப் பெறலாம்:

```
n = −ln(1 − B·r/E) / ln(1 + r)
```

இங்கே B என்பது இன்றைய நிலுவை. r என்பது புதிய மாத விகிதம். B·r என்பது அடுத்த மாத வட்டியே ஆதலால், தவணையில் வட்டியின் பங்கு எவ்வளவு என்பதே இக்கணக்கின் சாரம். நம் எடுத்துக்காட்டில் அப்பங்கு 97 விழுக்காட்டுக்குச் சற்று மேல். விடை 447.98, அதாவது 448 மாதங்கள். எஞ்சியிருந்த 18 ஆண்டுகள் 37 ஆண்டு 4 மாதங்களாகின்றன. வட்டி 2.5 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர, காலம் இருமடங்குக்கு மேல் நீண்டுவிடுகிறது. முப்பத்தைந்து வயதில் கடன் பெற்றவர் எழுபத்து நான்கு வயது கடந்தும் தவணை செலுத்த வேண்டியிருக்கும்.

உயர்வை எதிர்கொள்ளப் பிற வழிகளும் உண்டு. அவற்றின் விளைவுகளைக் கீழ்வரும் அட்டவணை ஒப்பிடுகிறது. ஒவ்வொரு வரியிலும் தொடக்கம், ரூ.19,01,402 நிலுவையும் 9.5 விழுக்காடு வட்டியுமே. விகிதம் மேலும் மாறாது என்பது எடுகோள்.

| வழி | மாதத் தவணை (ரூ.) | எஞ்சும் மாதங்கள் | இனிச் செலுத்தும் மொத்தம் (இலட்சம் ரூ.) |
|---|---|---|---|
| தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டுதல் | 15,506 | 448 | 69.5 |
| தவணையைச் சற்று உயர்த்திக் காலத்தையும் நீட்டுதல் | 17,000 | 275 | 46.7 |
| காலத்தை மாற்றாமல் தவணையை உயர்த்துதல் | 18,404 | 216 | 39.8 |
| ரூ.2,99,400 முன்செலுத்தி, தவணையும் காலமும் மாறாதிருத்தல் | 15,506 | 216 | 36.5 |

அட்டவணையின் முதலிரு வரிகள் சிறப்பாக நோக்கத்தக்கவை. தவணையில் ரூ.1,494 கூடுதலாக்கினால் 173 மாதங்கள் குறைகின்றன. காரணம் தெளிவு. வட்டி ரூ.15,052.77 எவ்வாறாயினும் செலுத்தப்பட வேண்டியது. கூடுதலாகச் செலுத்தும் ஒவ்வொரு ரூபாயும் முழுமையாக அசலுக்கே சேர்கிறது. அசலுக்குச் சேரும் தொகை ரூ.453-இலிருந்து ரூ.1,947 ஆக, நான்கு மடங்குக்கு மேல் உயர்கிறது. தவணை வட்டியின் அளவை நெருங்கி நிற்கும் நிலையில் சிறு மாற்றமும் பெரு விளைவைத் தருகிறது.

நான்காம் வரியின் தொகை, இன்றைய நிலுவைக்கும் ரூ.15,506 தவணையால் 216 மாதங்களில் 9.5 விழுக்காட்டில் தீர்க்கக்கூடிய நிலுவைக்கும் உள்ள வேறுபாடு. பின்னது ரூ.16,02,006. மொத்தச் செலவு குறைந்ததாகத் தோன்றினும், அந்த மூன்று இலட்சம் கையிலிருந்தால் வேறிடத்தில் ஈட்டக்கூடிய வருவாயை அட்டவணை கணக்கில் கொள்ளவில்லை. ஆகவே அவ்வருவாய் 9.5 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கும்போதுதான் முன்செலுத்துதல் ஆதாயமாகும். அவசரத் தேவைக்கென வைத்திருக்கும் சேமிப்பை இதில் இடுவது வேறு இடர்களுக்கு இடமளிக்கும்.

5. கடன் தீராத எல்லை

காலத்துக்கான வாய்பாட்டில் B·r/E என்னும் விகிதம் ஒன்றை எட்டினால் மடக்கைக்கு மதிப்பில்லாது போகிறது. இதன் நடைமுறைப் பொருள்: தவணை முழுதும் வட்டிக்கே போய்விடுகிறது, அசல் ஒரு ரூபாயும் குறைவதில்லை. இவ்வெல்லையை எளிதில் கணிக்கலாம். தவணையைப் பன்னிரண்டால் பெருக்கி நிலுவையால் வகுத்தால் எல்லை விகிதம் கிடைக்கும். இங்கே 1,86,072-ஐ 19,01,402-ஆல் வகுக்க 9.786 விழுக்காடு.

விகிதம் அதனைத் தாண்டினால் தவணை செலுத்தியும் கடன் வளரும். 10 விழுக்காட்டில் மாத வட்டி ரூ.15,845, தவணை ரூ.15,506. பற்றாத ரூ.339 நிலுவையுடன் சேர்ந்து, அடுத்த மாதம் அதற்கும் வட்டி பிறக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பற்றாக்குறையும் பெருகும். நம் எடுத்துக்காட்டில் 9.5 விழுக்காட்டுக்கும் இவ்வெல்லைக்கும் இடையே உள்ள தொலைவு 0.29 விழுக்காட்டுப் புள்ளிகள் மட்டுமே என்பது நோக்கத்தக்கது. ரிசர்வ் வங்கியின் ஒரே அறிவிப்பில் கடந்துவிடக்கூடிய தொலைவு அது.

இந்நிலையைக் கருத்திற்கொண்டே ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று மாறும் விகிதத் தவணைக் கடன்களுக்கான சுற்றறிக்கையை வெளியிட்டது. விகிதம் மாற்றியமைக்கப்படும்போது தவணையை உயர்த்துதல், காலத்தை நீட்டுதல், இரண்டையும் இணைத்தல் ஆகியவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்யும் வாய்ப்பைக் கடன் பெற்றவருக்கு வழங்க வேண்டும் என அது கூறுகிறது. ஒரு பகுதியையோ முழுவதையுமோ முன்செலுத்தும் வாய்ப்பும், வங்கியின் கொள்கைக்கு உட்பட்டு நிலையான விகிதத்துக்கு மாறும் வாய்ப்பும் குறிப்பிடப்பட்டுள்ளன. காலத்தை நீட்டுவதால் கடன் வளரும் நிலை ஏற்படக்கூடாது என்பதும் அதில் இடம்பெற்ற நிபந்தனை. மேலும், அதுவரை பெறப்பட்ட அசலும் வட்டியும், தவணைத் தொகை, எஞ்சிய தவணைகளின் எண்ணிக்கை, ஆண்டு வட்டி விகிதம் ஆகியவை அடங்கிய அறிக்கையைக் காலாண்டுதோறும் அளிக்கவேண்டும். அவ்வறிக்கையில் எஞ்சிய தவணைகளின் எண்ணிக்கையே காலநீட்சியை முதலில் காட்டிக்கொடுக்கும் எண். சுற்றறிக்கை தரும் தெரிவுகளுள் எது தமக்கு ஏற்றது என்பதை முடிவுசெய்ய, மேற்கண்ட அட்டவணையைத் தம் நிலுவைக்கு அமைத்துக்கொள்ளும் திறன் கடன் பெற்றவருக்கு வேண்டும்.

6. கணக்கீட்டு முறையும் சரிபார்ப்பும்

இக்கணக்குகளை விரிதாள் மென்பொருளில் மூன்று சார்புகளால் செய்துவிடலாம். வரிசையாகத் தவணை, 24 தவணைகளுக்குப் பிந்தைய நிலுவை, புதிய விகிதத்தில் எஞ்சும் மாதங்கள் ஆகியவற்றை இவை தரும்:

```
=PMT(0.07/12, 240, -2000000)
=FV(0.07/12, 24, 15506, -2000000)
=NPER(0.095/12, 15506, -1901402)
```

கடன் தொகைக்கும் தவணைக்கும் எதிரெதிர்க் குறிகள் இடப்பட வேண்டும். இரண்டுக்கும் ஒரே குறி இட்டால் FV, செலுத்தியதையும் கடனாகக் கூட்டி மிகப் பெரிய எண் ஒன்றைத் தரும். நிலுவை தொடக்கக் கடனைவிடக் கூடுதலாக வந்தால் முதலில் குறியைச் சோதிக்கவேண்டும். ஆண்டு விகிதத்தைப் பன்னிரண்டால் வகுக்க மறப்பது மற்றொரு பிழை. அப்போது தவணை நம்பவியலாத அளவுக்குப் பெரிதாக வருவதால் அதனை உடனே கண்டுகொள்ளலாம்.

கணித்த நிலுவையும் வங்கி அறிக்கையும் காசு பிசகாமல் ஒத்துப்போகும் எனக் கொள்ள இயலாது. சில கடன்களில் வட்டி நாள்தோறும் கணிக்கப்படுகிறது. ரூ.20,00,000-க்கு 7 விழுக்காட்டில் 31 நாள் மாத வட்டி ரூ.11,890, 28 நாள் மாத வட்டி ரூ.10,740, வாய்பாடு தரும் சராசரி ரூ.11,667. இவ்வேறுபாடுகள் ஆண்டளவில் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் வேறுபாடு ஒரே திசையில், சில ஆயிரங்களாக நிலைத்து நின்றால் வேறு காரணம் இருக்கவேண்டும். காப்பீட்டுக் கட்டணமோ பிற செலவோ கடனுடன் சேர்க்கப்பட்டிருக்கலாம். கடன் பகுதி பகுதியாக வழங்கப்பட்டு, தவணை தொடங்கும் முன் வட்டி மட்டும் செலுத்தப்பட்ட மாதங்கள் தவணைகளாக எண்ணப்பட்டிருக்கலாம். விகிதம் மாறிய நாள் கருதிய நாளாக இல்லாதிருக்கலாம்.

வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு. அறிக்கையின் ஏதேனும் ஒரு மாதத்தை எடுத்து, அம்மாத வட்டியைப் பன்னிரண்டால் பெருக்கி, மாதத் தொடக்க நிலுவையால் வகுக்கவேண்டும். கிடைப்பது அம்மாதத்தில் உண்மையில் விதிக்கப்பட்ட ஆண்டு விகிதம். நாள் கணக்கால் நேரும் சிறு ஏற்றத்தாழ்வு நீங்கலாக அது உடன்படிக்கை விகிதத்தோடு ஒத்திருக்க வேண்டும். மாதம் மாதமாக இவ்வாறு சோதித்து வந்தால், விகிதம் மாறிய மாதமோ கூடுதல் தொகை நுழைந்த மாதமோ தானாகப் புலப்படும். அந்த ஒரு மாதத்தைக் குறிப்பிட்டு வங்கியிடம் விளக்கம் கேட்பது, பொதுவாக நிலுவை கூடுதலாக இருப்பதாகக் கூறுவதைவிடப் பயன் தரும்.

முடிவுரை

சம தவணைக் கடனின் கணக்கு முழுவதும் ஒரே உறவில் அடங்குகிறது: நிலுவையுடன் வட்டி சேரும், தவணை கழியும். அவ்வுறவைத் தொடர்ந்து விரித்தால் நிலுவையும், இறுதி நிலுவையைச் சுழியாக்கினால் தவணையும், காலத்துக்குத் தீர்த்தால் எஞ்சும் மாதங்களும் கிடைக்கின்றன. 20 இலட்ச ரூபாய்க் கடனில் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் விகிதம் 7-இலிருந்து 9.5 விழுக்காடாகும்போது, மாறாத தவணை 18 ஆண்டுகளை 37 ஆண்டுகளுக்கு மேலாக நீட்டுகிறது என்பதும், விகிதம் 9.786 விழுக்காட்டைத் தாண்டினால் கடன் தீர்வதே இல்லை என்பதும் இக்கணக்கால் பெறப்பட்டன. நீண்ட காலக் கடனின் தொடக்க ஆண்டுகளில் நிலுவை பெரிதாகவும், தவணையில் அசலின் பங்கு சிறிதாகவும் இருப்பதே இவ்விளைவுகளுக்கு அடிப்படை. அதே உயர்வு கடனின் இறுதி ஆண்டுகளில் நேர்ந்தால் நிலுவை சிறிதாக இருப்பதால் காலநீட்சி சில மாதங்களில் அடங்கிவிடும். ஆகவே வட்டி உயர்வின் தாக்கத்தை மதிப்பிட, உயர்வின் அளவோடு அந்நாளின் நிலுவையையும் உடன்வைத்து நோக்கவேண்டும்.